விமான டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் எது, வரி எது: கிளெய்ம் போடும் முன் பிரித்து எடுப்பது எப்படி

பயணச் செலவைத் திரும்பப் பெறும் படிவத்தில் ஒரே டிக்கெட்டுக்கு மூன்று, நான்கு கட்டங்கள் இருக்கும்: அடிப்படைக் கட்டணம், வரிகள், சேவைக் கட்டணம். புக்கிங் தளத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் "கட்டணம் இவ்வளவு, வரிகளும் கட்டணங்களும் இவ்வளவு" என்று இரண்டே வரிதான். அதை அப்படியே படிவத்தில் எழுதினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அந்த இரண்டாவது வரிக்குள் அரசுக்குப் போகும் வரி, விமான நிலையத்துக்குப் போகும் கட்டணம், ஏர்லைன் தானே வைத்துக்கொள்ளும் பணம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கணக்குப் பிரிவு கேட்பதே அவற்றைப் பிரித்துத்தான்.

எனவே முதலில் சரியான காகிதம் கையில் வேண்டும். புக்கிங் உறுதிசெய்யும் மின்னஞ்சல் போதாது; இ-டிக்கெட் ரசீது வேண்டும். இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. புக்கிங் மின்னஞ்சலில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு மட்டும் இருக்கலாம். இ-டிக்கெட் ரசீதில் 13 இலக்க டிக்கெட் எண் கட்டாயம் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்த ஏர்லைன் என்பதைச் சொல்லும். ஏஜென்ட் வழியாக வாங்கியிருந்தாலும், ஏர்லைன் தளத்தில் புக்கிங் குறியீட்டையும் பெயரையும் கொடுத்தால் பல சமயம் இந்த ரசீது கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் ஏஜென்டிடம் "கட்டண விவரத்தோடு இ-டிக்கெட் ரசீது" என்று தெளிவாகக் கேளுங்கள். வெறுமனே "டிக்கெட் அனுப்புங்கள்" என்றால் விலை மறைத்த பயண அட்டவணைதான் வரும்.

இரண்டு பேர் சேர்ந்து போன புக்கிங் என்றால் மொத்தத்தைத் தலைக்கு வகுக்காதீர்கள். டிக்கெட் ஆளுக்கு ஒன்று, ரசீதும் ஆளுக்கு ஒன்று. கூடவே வந்தது கைக்குழந்தை என்றால் அதன் கட்டணம் பெரியவர் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். பல வரிகள் குழந்தைக்குக் கிடையாது. பாதியாக வகுத்தால் இரண்டு கணக்குமே தப்பாகிவிடும்.

இப்போது ரசீதின் அடிப்பகுதிக்கு வருவோம். நியூயார்க்கிலிருந்து லண்டன் போய்த் திரும்பும் ஒரு டிக்கெட், யூரோவில் பணம் கட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் கணக்கு காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஏர்லைன் குறியீடாக XX போட்டிருக்கிறேன்.

```
FARE        USD 600.00
EQUIV FARE  EUR 540.00
TAX         EUR 126.00YQ
TAX         EUR  41.00US
TAX         EUR 173.00XT
TOTAL       EUR 880.00

NYC XX LON 300.00 XX NYC 300.00 NUC600.00 END
ROE1.000000 XT 5.04AY 6.30XY 3.45XA 6.16YC
104.00GB 44.00UB 4.05XF JFK4.50
```

முதல் சிக்கல் முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கிறது. பயணம் தொடங்கும் நாட்டின் வழக்கப்படி FARE எழுதப்படும். இங்கே அது டாலர். பணம் வேறு நாணயத்தில் கட்டியிருந்தால் அதற்கு ஈடான தொகை EQUIV FARE வரியில் வரும். வரிகளும் மொத்தமும் கட்டிய நாணயத்திலேயே இருக்கும். ஆகவே நம் கணக்குக்கு அடிப்படைக் கட்டணம் 540, 600 அல்ல. 600-ஐ எடுத்து அதோடு வரிகளைக் கூட்டினால் 940 வரும், மொத்தமோ 880. கூட்டுத்தொகை TOTAL-ஓடு ஒட்டாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். EQUIV வரியே இல்லை என்றால் FARE-உம் மொத்தமும் ஒரே நாணயம், அப்படியே எடுக்கலாம்.

கீழே NYC என்று தொடங்கி நீளமாக ஓடும் எழுத்து வரிசைதான் கட்டணக் கணக்கு வரி. NUC என்பது எந்த நாட்டு நாணயமும் அல்ல. வெவ்வேறு நாணயக் கட்டணங்களைக் கூட்டுவதற்காக ஏர்லைன்கள் பயன்படுத்தும் பொது அலகு. அதை ROE என்ற மாற்று விகிதத்தால் பெருக்கினால் தொடங்கிய நாட்டின் நாணயத்தில் கட்டணம் வரும். இங்கே ROE ஒன்று என்பதால் இரண்டும் 600. வேறு நாடாக இருந்தால் NUC எண்ணும் FARE எண்ணும் வெகுதூரம் விலகி நிற்கும். அதைக் கண்டு பதற வேண்டாம், NUC எண்ணைப் படிவத்தில் எழுதவும் வேண்டாம். அந்த வரியில் நகரங்களுக்கு நடுவே Q என்ற எழுத்தும் ஒரு தொகையும் வந்தால், அந்தக் கூடுதல் கட்டணம் ஏற்கனவே FARE-க்குள் சேர்ந்துவிட்டது. தனியாகக் கூட்டக் கூடாது.

அடுத்து YQ. டிக்கெட்டில் இருப்பதிலேயே அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். TAX என்ற தலைப்பின் கீழே அச்சாகிறது, ஆனால் வரி அல்ல. YQ, YR இரண்டுமே ஏர்லைன் தானாக விதித்துத் தானே வைத்துக்கொள்ளும் கட்டணம். எரிபொருள் கூடுதல் கட்டணம் என்ற பெயரில் இது பரவியதால் இன்னும் பலர் அப்படியே அழைக்கிறார்கள். எந்த அரசுக்கும் எந்த விமான நிலையத்துக்கும் இதில் ஒரு காசு போவதில்லை.

இது ஏன் முக்கியம்? பல நிறுவனங்களின் விதியில் அடிப்படைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கும். வரிகள் ஆனபடி கிடைக்கும். வரம்பு 600 என்றால், YQ-ஐ வரியில் போடும்போது கட்டணம் 540, வரம்புக்குள் நிற்கிறது. கட்டணத்தோடு சேர்த்தால் 666, வரம்பைத் தாண்டிவிடுகிறது. பணம் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் கட்டணப் பக்கமே சரி என்பது என் கருத்து. படிவத்தில் தனிக் கட்டம் இருந்தால் அங்கே எழுதுங்கள். இல்லையென்றால் அனுப்பும் முன்பே கணக்குப் பிரிவிடம் "YQ எந்தப் பக்கம்?" என்று எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் இணைத்துவிடுங்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் போட்டு, தணிக்கையில் இரண்டு பேருமே விளக்கம் எழுத வேண்டியதாவது இந்த ஒரு குறியீட்டால்தான்.

XT-யும் ஒரு வரியின் பெயர் அல்ல. ரசீதில் வரிக்கென்று சில கட்டங்கள்தான் உண்டு. அதில் அடங்காதவை எல்லாம் XT என்று ஒரே தொகையாகக் கட்டப்படுகின்றன. பிரித்த விவரம் கட்டணக் கணக்கு வரியின் கடைசியில், XT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும். தொகை முன்னால், குறியீடு பின்னால் என்று படிக்க வேண்டும். 5.04AY என்றால் அமெரிக்கப் பாதுகாப்புக் கட்டணம் 5.04. XY, XA, YC மூன்றும் அமெரிக்காவுக்குள் நுழையும்போதான குடியேற்ற, வேளாண், சுங்கச் சோதனைகளுக்கானவை. GB பிரிட்டன் அரசு வசூலிக்கும் பயணி வரி. பயணத் தூரத்தையும் வகுப்பையும் பொறுத்து மாறும். UB அங்குள்ள விமான நிலையத்துக்குப் போகும் சேவைக் கட்டணம். XF அமெரிக்க விமான நிலையம் தன் வசதிகளுக்காக வாங்குவது.

கடைசியில் நிற்கும் JFK4.50-ஐக் கவனியுங்கள். அது இன்னொரு கட்டணம் அல்ல. முன்னால் உள்ள 4.05XF எந்த விமான நிலையத்துக்கு, டாலரில் எவ்வளவு என்று சொல்லும் விளக்கம் மட்டுமே. 540-ஐ 600-ஆல் வகுத்தால் 0.9, 4.50-ஐ அதனால் பெருக்கினால் அதே 4.05. இதையும் சேர்த்துக் கூட்டுபவர்களுக்கு XT 177.50 வந்து, கணக்கு 4.50 தள்ளி நிற்கும். அதைச் சேர்க்காமல் ஏழு தொகைகளைக் கூட்டினால் சரியாக 173.

இனி டிக்கெட்டுக்கு வெளியே போன பணம். கூடுதல் லக்கேஜ், சீட் தேர்வு போன்றவை டிக்கெட் தொகையில் வருவதில்லை. ஏர்லைன் அவற்றுக்கு EMD என்ற தனி ஆவணம் தரும், அதற்கும் தனி 13 இலக்க எண் உண்டு. புக்கிங் தளத்தின் சேவைக் கட்டணம் அந்தத் தளத்தின் பில்லில் மட்டும் இருக்கும், இ-டிக்கெட் ரசீதில் எங்கே தேடினாலும் கிடைக்காது. நம் உதாரணத்தில் லக்கேஜுக்கு 45, தளத்துக்கு 12 என்றால், கார்டில் மொத்தம் 937 போயிருக்கும். படிவத்தில் அடிப்படைக் கட்டணம் 540, ஏர்லைன் விதித்த கட்டணம் 126, வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் 41-உம் 173-உம் சேர்ந்து 214, சேவைக் கட்டணங்கள் 57. மூன்று ஆவணங்களையும் சேர்த்து இணைத்தால்தான் 937-க்கு ஆதாரம் முழுமையாகும்.

கார்டு மூன்றாவது ஒரு நாணயத்தில் இருந்தால், அன்றைய மாற்று விகிதத்தை இணையத்தில் தேட வேண்டாம். 880 யூரோவுக்குக் கார்டில் எவ்வளவு கழிந்ததோ அதை 880-ஆல் வகுத்து, அந்த விகிதத்தையே ஒவ்வொரு பகுதிக்கும் போடுங்கள். அப்போதுதான் பகுதிகளின் கூட்டுத்தொகை கார்டு அறிக்கையோடு ஒட்டும்.

தேதி மாற்றிய டிக்கெட்டில்தான் உண்மையான ஆபத்து. மாற்றியதும் புதிய எண்ணோடு புதிய ரசீது வரும். அதில் புதிய கட்டணம் முழுதாக, உதாரணமாக EQUIV FARE 630 என்று இருக்கும். ஆனால் பழைய வரிகளுக்கு முன்னால் PD என்று இருக்கும்: ஏற்கனவே கட்டியாயிற்று என்று பொருள். மொத்தத்தின் வாலில் A என்ற எழுத்து, 170.00A என்பதுபோல, நின்றால் அது இந்த முறை கூடுதலாக வாங்கிய தொகை மட்டுமே. புதிய செலவு 170 தான்: கட்டண வித்தியாசம் 90, மாற்றியதற்கான அபராதம் 80. அந்த அபராதம் சில ஏர்லைன்களில் CP என்ற குறியீட்டோடு வரிக் கட்டத்துக்குள்ளேயே வரும், சிலவற்றில் தனி EMD-ஆக வரும். எங்கே அச்சானாலும் அது சேவைக் கட்டணம், வரி அல்ல. பழைய 880-ஐயும் கேட்டு, புதிய ரசீதின் 630-ஐயும் கேட்டால், ஒரே இருக்கைக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும். பழைய ரசீதைப் பத்திரமாக வைத்து, இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

ரயில் டிக்கெட்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. முன்பதிவு, சேவைக் கட்டணங்கள் தனியாக அச்சாகியிருந்தால் அப்படியே எடுக்கலாம். வரி உள்ளடங்கிய விலையும் விகிதமும் மட்டும் இருந்தால், விலையை விகிதத்தால் பெருக்கி, நூறோடு விகிதத்தைக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். 10 சதவீதம் உள்ளடங்கிய 110-இல் வரி 10. நேரடியாக 110-க்குப் பத்து சதவீதம் போட்டு 11 என்று எழுதுவது தப்பு.

சில விமான டிக்கெட்டுகளில் FARE இருக்க வேண்டிய இடத்தில் தொகையே இல்லாமல் IT அல்லது BT என்று மட்டும் இருக்கும். ஏஜென்ட் தனி ஒப்பந்த விலையில் வாங்கி விற்றது என்பதற்கு அடையாளம் அது. எவ்வளவு தேடினாலும் அந்த ரசீதில் அடிப்படைக் கட்டணம் வராது. ஏர்லைனிடம் கேட்டாலும் ஏஜென்டிடமே போகச் சொல்வார்கள். கட்டிய மொத்தத்திலிருந்து ரசீதில் உள்ள வரிகளைக் கழித்து நீங்களே ஒரு எண்ணை எழுதாதீர்கள், ஏஜென்டின் லாபமும் அதற்குள் இருக்கும். கட்டணம், வரி, சேவைக் கட்டணம் மூன்றையும் தனித்தனியே காட்டி, 13 இலக்க டிக்கெட் எண்ணையும் குறிப்பிட்டு ஏஜென்ட் தரும் பில்தான் அங்கே ஆதாரம். பயணம் முடிந்து மாதக்கணக்கில் ஆனபின் அதை வாங்குவது கடினம். IT-ஐப் பார்த்த அன்றே கேட்டுவிடுங்கள்.