புது கார் ஸ்டீரியோ: மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிய கதை

பழைய கார் ஸ்டீரியோவில் திரை முதலில் மங்கியது, அப்புறம் ஒலியும் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. புதுசு ஒன்று வாங்கி நானே மாட்டினேன். பாட்டு கேட்பதற்கு ஒரே மதியத்தில் வந்துவிட்டது, ஆனால் சரியாக முடிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் ஸ்டீரியோவோடு வரும் தாளில் இதெல்லாம் இல்லை.

முதலில் அடாப்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் கம்பெனி வைத்த ஒரு பிளக் இருக்கும், அதை வெட்டாமல் அதில் அப்படியே போய் உட்காரும் ஒரு சாக்கெட், அதன் மறுமுனையில் தொங்கும் வெறும் ஒயர்கள், அவ்வளவுதான் அடாப்டர். புது ஸ்டீரியோவோடும் இதேபோல் ஒரு ஒயர் கொத்து வரும். இரண்டையும் ஒயருக்கு ஒயர் இணைப்பதுதான் வேலை, அதை மேசையில் உட்கார்ந்தே செய்யலாம். காரின் சொந்த ஒயரில் கத்தி படவே கூடாது, நாளைக்குப் பழைய ஸ்டீரியோவையே திரும்ப மாட்ட வேண்டி வந்தாலும் பிளக்கை மாற்றினால் போதும்.

தனியாக விற்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் ஒரே வண்ண முறைதான். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வரும் ஒயர், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஒரு ஜோடி உண்டு, கோடு போட்டது மைனஸ். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு வெளியே வைக்கும் ஆம்ப்ளிஃபயரை எழுப்ப. இந்த இரண்டு நீலமும் ஸ்டீரியோவிலிருந்து மின்சாரம் வெளியே போகும் ஒயர்கள், உள்ளே வருபவை அல்ல. தேவையில்லை என்றால் முனையை டேப் சுற்றி மடக்கிவிட வேண்டும், வேறு எதோடும் சேர்க்கக் கூடாது.

என் அடாப்டரிலும் இதே நிறங்கள் இருந்தன. அதனால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு என்று வரிசையாக இணைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு இணைப்புக்கும் அழுத்தி இறுக்கும் கிரிம்ப் கனெக்டர் போட்டு, இழுத்துப் பார்த்து, மேலே சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப். முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் வேண்டாம், வெயிலில் கார் உள்ளே கொதிக்கும்போது டேப்பின் பசை இளகி நழுவும், அதற்குள்ளே இருக்கும் முறுக்கும் அதிர்வில் தளரும்.

மாட்டினேன், பாடியது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் கடிகாரம் ஆரம்ப நேரத்தில் நிற்கிறது, சேமித்து வைத்த எஃப்எம் நிலையங்கள் ஒன்றுகூட இல்லை, மொழி அமைப்பைத் திரும்பக் கேட்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் ஒருமுறை இப்படி ஆகியிருக்கும் என்று எல்லாவற்றையும் மறுபடி வைத்தேன். மாலையில் மீண்டும் அதே கதை.

இதற்கு ஒரே பொருள்தான்: சாவியை எடுத்ததும் ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயருக்கு வரும் மின்சாரம் நின்றுபோகிறது. ஸ்டீரியோவின் நினைவும் கடிகாரமும் மஞ்சள் ஒயரில்தான் உயிர் வாழ்கின்றன. அது மட்டுமல்ல, பாடுவதற்கான முழுச் சக்தியும் மஞ்சளில்தான் வருகிறது, சிவப்பு 'இப்போது விழித்துக்கொள்' என்று சொல்லும் ஒரு சைகை மட்டும், அதில் போகும் கரன்ட் மிகக் குறைவு. அதனால் மஞ்சள் சாவியோடு அணையும் ஒயரில் போய்ச் சேர்ந்திருந்தாலும் ஸ்டீரியோ நன்றாகவே பாடும். தவறு நடந்திருப்பதே மறுநாள்தான் தெரியும்.

ஸ்டீரியோவை மறுபடி வெளியே இழுத்து, அதன் முதுகில் இருந்து ஒயர் கொத்தைக் கழற்றி, பேட்டரியை மாட்டிவிட்டு மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தேன். கறுப்பு முனை டேஷ்போர்டுக்குள் தெரிந்த, பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். சிவப்பு முனையால் மஞ்சளைத் தொட்டால் 0. சிவப்பைத் தொட்டால் 12.5. சாவி அப்போது என் பாக்கெட்டில் இருந்தது. சாவியைப் போட்டு, எஞ்சின் ஓடாமல் ஸ்டீரியோ மட்டும் ஓடும் ஏசிசி நிலைக்குத் திருப்பினால் இரண்டிலும் 12.4. அப்படியென்றால் காரின் பிளக்கில் இந்த இரண்டு ஊசிகளும் அடாப்டர் செய்தவர் நினைத்ததற்கு நேர் மாறாக இருக்கின்றன. இது அபூர்வமும் இல்லை. பிளக்கின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் நிரந்தர 12 வோல்ட்டும் சாவி 12 வோல்ட்டும் இடம் மாறி வரும் கார்கள் உண்டு. அதற்காகவே சில ஒயர் கொத்துகளில் மஞ்சள், சிவப்பு ஒயர்கள் இரண்டிலும் நடுவே கழற்றி மாட்டும் புல்லட் கனெக்டர் வைத்தே தருகிறார்கள், குறுக்கே மாற்றிச் செருகினால் போதும். என்னுடையதில் அது இல்லை. இரண்டு கிரிம்ப்பையும் வெட்டிவிட்டு, அடாப்டரின் சிவப்பை ஸ்டீரியோவின் மஞ்சளோடும், அடாப்டரின் மஞ்சளை ஸ்டீரியோவின் சிவப்போடும் போட்டேன். பார்க்கத் தவறாகத் தெரியும் என்பதால் ஒரு வெள்ளை டேப்பில் 'அளந்து மாற்றியது' என்று எழுதி அங்கேயே சுற்றி வைத்தேன், நாளைக்கு வேறு யாராவது பிரித்து 'சரி' செய்துவிடக் கூடாது.

இதை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரமோ, கதவைத் திறக்கும் வரையோ ஏசிசி மின்சாரம் நிற்காமல் இருக்கும். உடனே அளந்தால் இரண்டுமே நிரந்தரம் என்று தோன்றும். கதவைத் திறந்து வைத்துச் சில நிமிடம் பொறுத்து அளக்க வேண்டும். சாவி திருப்பினாலும் எந்த ஊசியிலும் புதிதாக 12 வோல்ட் வரவே இல்லை என்றால், அந்தக் காரில் ஸ்டீரியோவுக்கு 'ஆன்' தகவல் டேட்டா ஒயர் வழியாகப் போகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே வெறும் ஒயர் அடாப்டர் உதவாது, அந்தத் தகவலைப் படித்து 12 வோல்ட்டாக மாற்றித் தரும் மாட்யூல் உள்ள அடாப்டர் வேண்டும்.

மீட்டர் கையில் இருக்கும்போதே கறுப்பையும் பார்த்தேன். பேட்டரியை மறுபடி கழற்றி, ஓம்ஸில் வைத்து, அடாப்டரின் கறுப்புக்கும் அந்த போல்ட்டுக்கும் இடையே 0.3 ஓம் வந்தது. மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 காட்டுகிறது, அதனால் எர்த்தில் குறை இல்லை.

கடிகாரப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எனக்கு இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தளமும் பேஸ் கிடாரும் உள்ள பாட்டுகளில் அடி ஒலியே இல்லை. டோன் அமைப்பில் பேஸை எவ்வளவு ஏற்றினாலும் மெலிதாகவே இருந்தது. முன் பின் ஸ்பீக்கர்களின் ஒலி அளவைப் பிரிக்கும் ஃபேடரை முழுக்க முன்னால் வைத்து, பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளினால் பேஸ் வருகிறது, முழுக்க வலப்பக்கம் தள்ளினாலும் வருகிறது, நடுவில் வைத்தால் காணாமல் போகிறது! ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது மற்றதன் கூம்பு பின்னால் போகிறது, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

முன்பே ஓம்ஸில் எல்லா ஸ்பீக்கர் ஜோடியையும் அளந்திருந்தேன். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், எனக்கு நான்கிலும் 3.4 முதல் 3.7 வரை வந்தது. எந்த ஸ்பீக்கர் ஒயரும் காரின் உடம்போடு சேரவில்லை என்பதையும் பார்த்திருந்தேன். இந்தக் கடைசிச் சோதனையைத் தயவுசெய்து விடாதீர்கள். ஸ்பீக்கரின் மைனஸ் எர்த் அல்ல. இன்றைய ஸ்டீரியோக்களில் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரிலுமே ஏறத்தாழ 6 வோல்ட் நின்றுகொண்டிருக்கும், இரண்டையும் எதிரெதிராக ஆட்டித்தான் ஸ்பீக்கரை இயக்குகிறது. அதை எர்த்தோடு சேர்த்தால் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசி எரிந்துபோகலாம்.

ஆனால் மீட்டர் ஜோடியை மட்டும்தான் சொல்லும், அதில் எது பிளஸ் என்று சொல்லாது. அதற்கு ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி செல் போதும். ஸ்டீரியோவைக் கழற்றிய நிலையில், ஒயர் கொத்தின் முனையில் செல்லின் பிளஸ்ஸை வெள்ளையிலும் மைனஸை வெள்ளை கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்று சத்தம் வரும், கூம்பு வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. கதவு அட்டையைக் கழற்றாமல், வலை வழியாக டார்ச் அடித்துத் தம்பியைப் பார்க்கச் சொன்னேன்.

"வெளிய வருது அண்ணா." முன் வலது.

"வெளிய." பின் இரண்டும்.

முன் இடதுக்கு அவன் மூன்று முறை தொடச் சொன்னான். "உள்ளதான் போகுது, இன்னொரு தடவ தொடுங்க... ஆமா, உள்ளதான்."

என் இணைப்பில் கோடு போட்டது கோடு போட்டதோடுதான் சேர்ந்திருந்தது. அந்தக் கதவின் ஸ்பீக்கர் மட்டும் புதுசு மாதிரி இருந்ததால், எனக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் காலத்தில் அதை மாற்றியபோது உள்ளே திருப்பி மாட்டியிருக்க வேண்டும். கதவைப் பிரிக்காமல் அடாப்டரில் அந்த ஒரு ஜோடியை மட்டும் மாற்றி, அதற்கும் ஒரு வெள்ளை டேப். செல்லை வைத்து மறுபடி தொட்டால் வெளியே வந்தது.

உள்ளே தள்ளுவதற்கு முன் ஒயர் கொத்தை மெல்லிய ஃபோமால் சுற்றினேன், இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பிளாஸ்டிக்கில் தட்டிச் சத்தம் போடும். ஸ்டீரியோவின் முதுகுக்கும் ஒயருக்கும் இடையே இடம் குறைவு, அதனால் கொத்தை நேர் பின்னால் திணிக்காமல் கீழே இருந்த காலி இடத்தில் இறக்கி வைத்த பிறகுதான் 'கிளிக்' என்று முழுசாக உட்கார்ந்தது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். கடிகாரம் 7:42, கைப்பேசியிலும் 7:42.