நாணயங்களை வைத்து ஒரு குட்டி நாடகம்: மூன்று முறை மாற்றி எழுதியது

குழந்தைகளுக்குக் கைச்செலவுப் பணத்தைப் பற்றி ஒரு பத்து நிமிட நாடகம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சேமிப்பது, செலவழிப்பது, பகிர்வது, இந்த மூன்றும் வர வேண்டும். முதல் வரைவில் மூன்று டப்பாக்களையே பாத்திரங்களாக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் பேச வைத்திருந்தேன். ஒத்திகையில் சேமிப்பு டப்பாவாக நடித்த பையன் வசனத்தை முடிப்பதற்குள், கீழே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். டப்பா பேசுவது வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். அறிவுரையை டப்பா சொன்னாலும் அறிவுரைதானே!

அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன். நாணயம் கைமாறாத இடத்தில் வசனம் கிடையாது. யாராவது பேச வேண்டுமென்றால் ஒரு நாணயம் எடுக்கப்பட வேண்டும், போடப்பட வேண்டும், அல்லது போடப்போய் நிற்க வேண்டும். வசனத்தில் பாதிக்கு மேல் தானாகவே உதிர்ந்துவிட்டது.

கதை இதுதான். அம்மா வாரம் ஆறு நாணயம் தருகிறாள். தம்பிக்கு ஒரு பந்து வேண்டும், விலை ஒன்பது. முதல் வாரம் ஆறையும் கொடுத்து விசில் வாங்கிவிடுகிறான். இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று சேமிப்புக்கு, இரண்டு செலவுக்கு, ஒன்று பகிர்வுக்கு. மூன்று வாரம் இப்படிப் போனால் சேமிப்பில் ஒன்பது சேரும், பகிர்வில் மூன்று இருக்கும். எல்லா நாணயமும் ஒரே மதிப்பு. ஒத்திகையில் கலந்து வைத்துப் பார்த்தேன், சின்னக் குழந்தைகள் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு பெரிய மதிப்பு நாணயத்தைவிட நாலு சில்லறைதான் அவர்களுக்கு அதிகம்.

நிஜ நாணயம் மூன்றாவது வரிசைக்கே தெரியவில்லை. அட்டையில் ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் வட்டம் வெட்டி, மூன்று மூன்றாக ஒட்டித் தடிமனாக்கினேன். முதலில் பளபளப்பான தாள் சுற்றியது தப்பு. விளக்கு பட்டதும் வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது, வட்டம் தெரியவில்லை. பிறகு மங்கலான மஞ்சள் பூசி, ஓரத்தில் கறுப்புக் கோடு தடிமனாக இழுத்தேன். இன்னொரு குறை, அட்டைக்குச் சத்தம் இல்லை. காசு விழுந்தால் 'டங்' என்று கேட்க வேண்டாமா? அடுக்குகளுக்கு நடுவே ஒரு இரும்பு வாஷரை வைத்து ஒட்டி, டப்பாவின் அடியில் ஒரு தகரத் தட்டைப் போட்டேன். சுமாரான சத்தம் வந்தது, போதும். டப்பா மூன்றும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக், வாய் அகலமானது. மூடியில் துளை போட்ட டப்பாவை வைத்த அன்று நாணயம் குறுக்கே சிக்கி, பையன் அதைக் குத்திக் குத்தித் தள்ளியதே தனிக் காட்சியாகிவிட்டது.

விசில் காட்சியை இரண்டு முறை மாற்றினேன். முதலில் விசில் வாங்கிய உடனே உடைந்துபோவதாக எழுதியிருந்தேன். செலவு செய்தால் தண்டனை என்பது மாதிரி ஆகிவிட்டது, அது பொய். இப்போது விசில் நன்றாக ஊதுகிறது. தம்பி சந்தோஷமாக ஊதிக்கொண்டே வந்து பந்தைப் பார்க்கிறான்.

தம்பி: இந்தப் பந்து எவ்வளவு?
கடைக்காரர்: ஒன்பது.
(தம்பி வலது கையை விரிக்கிறான். காலி. இடது கையை விரிக்கிறான். விசில்.)
தம்பி: இதை வச்சுக்கிட்டுக் குடுப்பீங்களா?
கடைக்காரர்: நானே இப்பதானே உனக்கு வித்தேன்!

இந்த இடத்தில் சிரிப்பு வரும், உடனே கொஞ்சம் அமைதியும் வரும். காலிக் கையை மூன்று நொடி அப்படியே நீட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவசரப்பட்டு மடக்கினால் காட்சி போச்சு.

முதல் அரங்கேற்றத்தில் கணக்குப் போட்டதில் சறுக்கினேன். நாலு வாரத்துக்கு இருபத்து நாலு நாணயம் வேண்டும். நான் செய்தது பதினெட்டு. கடைக்காரரிடம் சேர்வதைத் திரைக்குப் பின்னால் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாலாவது வாரத்தில் அம்மாவுக்கு ஆறு வேண்டும். அதற்குள் கடைக்காரரிடம் பத்து சேர்ந்திருக்கும், தாராளம். ஆனால் கடைக்காரப் பையன் கொடுக்க மறந்துவிட்டான். அம்மாவாக நடித்த பெண் பையைத் துழாவினாள், ஒன்றுமில்லை. ஒரு கணம் திகைத்து, "இந்த வாரம் என்கிட்டயே இல்லடா, அடுத்த வாரம் தரேன்" என்று சொல்லிவிட்டாள். தம்பி சேமிப்பு டப்பாவைப் பார்த்தான். ஆறு இருந்தது. அதை எடுக்கவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல் மூடியைத் திறந்து திறந்து மூடினான். நான் எழுதிய எந்த வரியையும்விட இது நன்றாக இருந்தது. இருபத்து நாலு நாணயம் செய்துவிட்டேன், ஆனால் அந்தப் பணம் வராத வாரத்தை நாடகத்திலேயே சேர்த்துக்கொண்டேன்.

கடினமானது பகிர்வுதான். முதலில் "ஒண்ணு இதுல போடு" என்று அம்மா சொல்வாள், அவன் போடுவான். ஒத்திகை முடிந்து அவனிடம் ஏன் போட்டாய் என்று கேட்டேன். "அம்மா சொன்னாங்க" என்றான். நியாயமான பதில். அதனால் அம்மாவின் வரியை எடுத்துவிட்டேன். இப்போது அவள் ஆறையும் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தம்பி ஒரு நாணயத்தைப் பகிர்வு டப்பாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறான், சேமிப்புக்குக் கொண்டுபோகிறான், திரும்ப வருகிறான், பிறகு போடுகிறான். பேச்சே இல்லை.

இன்னும் கொஞ்சம் துணிந்து, எத்தனை போடுவது என்பதையும் அவனுக்கே விட்டேன். ஒரு நாள் ஒரு வாரத்தில் பகிர்வில் இரண்டு போட்டு, சேமிப்பில் இரண்டு போட்டான். கடைசியில் எட்டுதான் இருந்தது. அதற்காகக் கடைக்காரருக்கு ஒரு மாற்று வசனம் எழுதி வைத்திருக்கிறேன்: "இன்னும் ஒண்ணு குறையுதே. பந்தை எடுத்து வைக்கட்டுமா?" அன்று தம்பி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போவான். கடைக்காரப் பையன்தான் உஷாராக எண்ண வேண்டும். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து எண்ணச் சொன்னேன், பார்ப்பவர்களும் சேர்ந்து எண்ணுகிறார்கள்.

முடிவு இன்னும் இழுபறியில் இருக்கிறது. பென்சில் தொலைந்துபோன தோழியிடம் தம்பி பகிர்வில் உள்ள மூன்றையும் நீட்டுகிறான். பென்சிலுக்கு இரண்டே போதும், அவள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறாள். அந்த ஒற்றை நாணயத்தோடு மூன்று டப்பாக்களுக்கு நடுவே அவன் நிற்க, திரை விழுகிறது. இரண்டாம் முறை போட்டபோது முன்வரிசையிலிருந்து ஒருத்தி "அதுலயே திருப்பிப் போடு!" என்று கத்தினாள். பின்னாலிருந்து ஒருவன், "டேய், இன்னொரு விசில் வாங்கு!" என்றான்.