நார் சேர்த்தும் வலிமை குறைந்த பட்டைகள்

பொள்ளாச்சிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பொருளறிவியல் ஆய்வகத்தை நடத்துபவன் என்ற முறையில், ஒவ்வோர் ஆண்டும் இரண்டாமாண்டு மாணவர்கள் ஒரே கேள்வியுடன் என்னிடம் வருவதைப் பார்க்கிறேன். எபாக்சிப் பிசினில் சணல் சேர்த்து வார்த்த பட்டையின் வளைவு வலிமை, வெறும் எபாக்சியைவிடச் சற்றுக் கூடுதலாக வருகிறது. தேங்காய் நார் சேர்த்ததோ வெறும் எபாக்சியைவிடக் குறைவாக வருகிறது. 'நார் சேர்த்தால் வலு கூடும் என்றுதானே சார் பாடத்தில் இருக்கிறது, நாங்கள் வார்த்ததில் ஏதோ பிசகு' என்று அவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு, பட்டையைத் திரும்ப வார்க்க அனுமதி கேட்பார்கள். திரும்ப வார்த்தாலும் பெரிய மாற்றம் இராது.

நாங்கள் பின்பற்றும் முறை எளியது. எல்.ஒய். 556 என்ற எபாக்சியையும் எச்.ஒய். 951 என்ற ஹார்டனரையும் எடையில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறோம். சணலுக்குச் சாக்குத் துணியை நான்கு அடுக்காக வைக்கிறோம். தேங்காய் நாரைச் சிறு துண்டுகளாக வெட்டி, திசை பாராமல் பரப்புகிறோம். இரண்டையும் முன்னதாக அடுப்பில் உலர்த்திவிட வேண்டும், ஏனெனில் சணல் காற்றிலிருந்தே தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் பிசின் இறுகும்போது குமிழிகளாகப் பட்டைக்குள் தங்கிவிடும். நார் மில்லிலிருந்து வரும் தேங்காய் நாரில் ஒட்டியிருக்கும் நார்த்தூளையும் அலசி எடுத்துவிட வேண்டும். அந்தத் தூள் இருக்கும் இடத்தில் பிசின் நாரைத் தொடுவதே இல்லை.

வார்க்கும்போதே இரு நார்களின் குணமும் வேறுபடுவதைக் கை உணர்ந்துவிடும். சாக்குத் துணி சொன்னபடி படியும். தேங்காய் நாரோ மெத்தைக்கென்றே பிறந்தது போல, மேல் தகட்டை வைத்து அழுத்தினாலும் எழும்பிக்கொண்டே இருக்கும். இதனால் 4 மிமீ கனத்துக்குத் திட்டமிட்ட தேங்காய் நார்ப் பட்டை, பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் வெளியே வரும். இந்தச் சிறு வேறுபாடு கணக்கில் எவ்வளவு பெரிதாகிறது என்பதை ஒரு குழுவின் பதிவேட்டிலிருந்தே காட்டலாம்.

சோதனை, ஏ.எஸ்.டி.எம். டி 790 வழியிலான மூன்று புள்ளி வளைவு. பட்டையை இரண்டு தாங்கிகளின் மேல் கிடத்தி நடுவில் அழுத்துகிறோம். தாங்கிகளுக்கு இடையிலான தூரம் கனத்தைப்போல் 16 மடங்கு. வலிமைக்கான சூத்திரம் σ = 3PL / (2bd²). இதில் P உச்சச் சுமை, L தாங்கிகளின் இடைவெளி, b அகலம், d கனம். வெறும் எபாக்சிப் பட்டை 13 மிமீ அகலமும் 4 மிமீ கனமும் கொண்டது. 64 மிமீ இடைவெளியில் அது 200 நியூட்டன் தாங்கியது, அதாவது ஏறத்தாழ 92 மெகாபாஸ்கல். அதே அளவுள்ள சணல் பட்டை 230 நியூட்டன் தாங்கி 106 மெகாபாஸ்கல் கொடுத்தது. தேங்காய் நார்ப் பட்டையின் கனம் 4.6 மிமீ, இடைவெளி 74 மிமீ, உச்சச் சுமை 140 நியூட்டன். சரியாகக் கணக்கிட்டால் வலிமை 56 மெகாபாஸ்கல்தான். ஒவ்வொரு பட்டையையும் அளக்காமல், திட்டமிட்ட 4 மிமீயையே சூத்திரத்தில் போட்டால் அதுவே 75 ஆகிவிடும், ஏனென்றால் கனம் இருமடி வீதத்தில் கணக்கில் நுழைகிறது. மைக்ரோமீட்டரால் நடுப்பகுதியில் அளந்த கனம் இல்லாத பதிவேட்டை நான் வாங்குவதே இல்லை.

சுமைகளின் அளவையும் கவனிக்க வேண்டும். 140 நியூட்டன் என்பது சுமார் 14 கிலோ எடை. இரும்புக் கம்பியை இழுத்து முறிக்கும் 40 டன் யு.டி.எம். இயந்திரத்தில் இதை வைத்துச் சோதிப்பது, லாரி எடைபோடும் மேடையில் தங்கக் காசை நிறுப்பது போன்றதாகும். முள் அசைந்ததா இல்லையா என்ற விவாதமே மிஞ்சும். சிறிய லோட் செல் பொருத்திய மேசை இயந்திரம் கட்டாயம் வேண்டும்.

இனி மாணவர்களின் கேள்விக்கு வருகிறேன். பட்டை வளையும்போது நாரும் பிசினும் ஒன்றாக நீள்கின்றன. ஒரே அளவு நீட்சியில் எது எவ்வளவு சுமையை ஏற்கும் என்பதை அவற்றின் மீட்சிக் குணகம் தீர்மானிக்கிறது. எபாக்சிக்கு அது சுமார் 3 கிகாபாஸ்கல், சணலுக்குச் சுமார் 20, தேங்காய் நாருக்கு 4 முதல் 6. ஆகவே சணல் தன்னைச் சூழ்ந்த பிசினைவிட ஆறேழு மடங்கு சுமையை ஏற்று, பிசினின் பாரத்தைக் குறைக்கிறது. தேங்காய் நாரோ, நீளவாக்கில் சரியாகக் கிடந்தால்கூட இரண்டு மடங்கைத் தாண்டுவதில்லை, குறுக்கே கிடந்தால் அதுவும் இல்லை. பிசின் விரிசல் காணும் வரை அந்த நாருக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, சரியாக ஒட்டாத நார் முனைகளும் சிக்கிய குமிழிகளும் விரிசல் தொடங்கும் இடங்களாகின்றன. வலிமை குறைவது வார்ப்பின் பிசகு மட்டுமல்ல, பெரும்பகுதி அந்த நாரின் இயல்பே என்பது இதனால்தான். சணலில் செல்லுலோஸ் இழைகள் நாரின் அச்சுக்கு ஏறக்குறைய 8 பாகைச் சாய்வில் கிடக்க, தேங்காய் நாரில் அவை 30 பாகைக்கும் மேலான சாய்வில் சுருள்வில் போலச் சுற்றியிருக்கின்றன. எனவே அது முதலில் விரிந்து நீள்கிறது. சணல் இரண்டு விழுக்காட்டுக்குள் அறுந்துவிடும், தேங்காய் நார் 15 விழுக்காட்டைத் தாண்டியும் நீளும்.

இந்த நீட்சியின் பயன், உச்சச் சுமைக்குப் பிறகுதான் வரைகோட்டில் தெரிய வருகிறது. வெறும் எபாக்சிப் பட்டை பட்டென்று இரண்டாகிறது. சணல் பட்டையில் சிறு சொடுக்கொலிகள் கேட்டு, சுமை செங்குத்தாகச் சரிகிறது. தேங்காய் நார்ப் பட்டையோ 5 மிமீ தாழ்வில் விரிசல் கண்டு சுமை சரிந்த பின்னும், கீழ்ப்பரப்பில் வாய் திறந்த விரிசலுக்குக் குறுக்கே நார்கள் இழுத்துப் பிடிப்பதால், உச்சச் சுமையில் மூன்றிலொரு பங்கை நெடுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் டி 790 முறை 5 விழுக்காட்டு நீட்சியோடு சோதனையை நிறுத்தச் சொல்கிறது. இந்தப் பட்டைக்கு அது சுமார் 10 மிமீ தாழ்வு. விதிப்படி நடக்கும் மாணவர்கள், விரிசலுக்குப் பிறகான நாரின் வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வலிமையை விதிப்படி குறித்துக்கொண்டு, அதற்கப்பாலும் ஓட்டி, வரைகோட்டின் கீழுள்ள பரப்பைத் தனியாக எழுதச் சொல்கிறேன்.

முறிந்த முகத்தைக் கைக்கண்ணாடியில் பார்ப்பதும் சோதனையின் பகுதியே. நார்கள் நீளமாக, வழுவழுப்பாக, பிசின் துணுக்கு எதுவும் ஒட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிணைப்பு பலவீனம் என்று பொருள். அப்போது மாணவர்கள் 5 விழுக்காட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நாரை ஊறவைக்கலாம் என்பார்கள். கரைசல் காபி நிறமாகி, நாரின் மெழுகுப் பூச்சு கழன்று, மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. காரம் போகும் வரை அலசி, லிட்மஸ் தாளில் பார்த்து, உலர்த்தி வார்த்தால் வலிமை ஓரளவு ஏறுகிறது. ஆனால் இறுக்கமாகப் பிடிபட்ட நார் பிசினிலிருந்து உருவி வராமல் விரிசல் இருக்கும் இடத்திலேயே அறுந்துவிடுவதால், வரைகோட்டில் உச்சத்துக்குப் பிறகான அந்த நீண்ட வால் குட்டையாகிறது. வாலையும் வலிமையையும் ஒருசேரப் பெற விரும்பும் குழுக்களுக்கு, வெளி அடுக்குகளில் சணலும் நடுவில் தேங்காய் நாரும் வைத்து வார்க்கும்படி இப்போது சொல்லி வருகிறேன். வளைவில் தகைவு மேல், கீழ்ப் பரப்புகளில்தான் உச்சமாக இருக்கிறது, நடுக்கோட்டில் இல்லை.