யாரை இடம் மாற்றுவது?

“நாங்கள் இரண்டு பேரும் மேஜர். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதில் கம்பெனிக்கு என்ன வேலை?”

மேலாளரும் அவருடைய டீமில் இருப்பவரும் காதலிக்கும் விஷயம் எச்.ஆர். மேசைக்கு வந்ததும் முதலில் விழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் விடுப்பு, அப்ரைசல் ரேட்டிங், போனஸ், செலவு பில் என்று எல்லாவற்றிலும் ஒருவருக்கு இன்னொருவர் கையெழுத்துப் போடுகிறாரே! எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும், அதே டீமில் ரேட்டிங் குறைந்த மூன்றாமவர் அதை நம்பப் போவதில்லை. காதல் முறிந்தால், “அன்றைக்கு மறுக்கும் நிலையில் நான் இல்லை” என்ற புகாரும் வரலாம். இப்படிப்பட்ட உறவுக்குக் கம்பெனிகளில் விதி எழுதப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் பயந்துதான்.

விஷயம் தெரிந்த அன்றே ஒப்புதல் அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். இருவரில் ஒருவரை வேறு டீமுக்கு இடம் மாற்றுவது மெதுவாக நடக்கட்டும். உறவு எப்போது தொடங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு போட்ட ரேட்டிங்கையும் போனஸையும் சம்பந்தமில்லாத ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். சங்கடமான வேலை என்பதால் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெக்டொனால்ட்ஸ் ஒரு பாடம். 2019 நவம்பரில் ஊழியர் ஒருவருடனான உறவுக்காகத் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை நீக்கினார்கள்; பெரும் தொகையும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மறுபடி தோண்டியபோது வேறு ஊழியர்களுடனும் உறவு இருந்தது, அவர்களில் ஒருவருக்குப் பங்குகள் ஒதுக்க அவரே ஒப்புதல் தந்திருந்தார் என்று கம்பெனி வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் சமரசமாகி, 10 கோடி டாலருக்கும் மேல் திரும்பி வந்தது.

இதெல்லாம் தெளிவு. உறுத்துவது வேறொன்று: இருவரில் யாரை நகர்த்துவது? மேலாளரின் நாற்காலி ஒன்றுதான். கீழே இருப்பவரின் வேலையோ நாலு டீமில் இருக்கும். கணக்குப் பார்த்தால் இளையவரைத்தான் மாற்றத் தோன்றும். புது டீமில் அவர் முதலிலிருந்து பெயர் எடுக்க வேண்டும், பதவி உயர்வு ஒரு சுற்று தள்ளிப் போகும். தண்டனை இல்லை என்று கடிதத்தில் எழுதுவோம். பட்டவருக்கு அது தண்டனைதான். பழைய டீமில் செய்த வேலைக்கு மாற்றத்துக்கு முன்பே வேறொரு மேலாளரை வைத்து ரேட்டிங் போட்டுவிட்டால் ஓரளவு ஈடாகும். ஓரளவுதான். அதிகாரம் இருப்பவர்தான் நகர வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அவரை நகர்த்தினால் மொத்த டீமுக்கும் தலைவர் மாறுகிறார். சம்பந்தமே இல்லாதவர்கள் ஏன் அதைச் சுமக்க வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை.

மாற்றிய பிறகும் ஓட்டை இருக்கும். ஆண்டு இறுதியில் எல்லா மேலாளர்களும் உட்கார்ந்து ரேட்டிங்கைச் சமன் செய்யும் கூட்டத்தில், இடம் மாறியவரின் பெயர் வரும்போது “உங்களிடம்தானே இருந்தார், எப்படி?” என்று யாராவது அந்த மேலாளரையே கேட்பார்கள். அந்தப் பெயர் வரும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும் என்பது விதி. போனால், ரகசியமாக வைப்போம் என்று நாம் தந்த வாக்கு அங்கேயே உடைகிறது.