வடிகஞ்சி, கெட்டில், ஒன்றேகால் வயசு

ஜூன் 2

இன்று மதியம் அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் குக்கர் சோறு இறங்காது, பானைச் சோறுதான். வாயில் வடிதட்டை வைத்து, பிடிதுணியால் அமுக்கி, பானையைத் தரையில் ஒரு கட்டையின் மேல் சாய்த்துவிடுவார். கஞ்சி கீழே இருக்கும் சட்டியில் இறங்க எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் அத்தை ஊஞ்சலுக்குப் போய்விடுவார்.

நான் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்தித் திரும்பினால், தம்பி, என் ஒன்றேகால் வயசு மகன், சட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் குத்தவைத்து, ஆவியைப் பிடிக்கக் கையை நீட்டுகிறான். ஓடிப்போய்த் தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. என் கை மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கியது.

"அம்பது வருசமா இப்படித்தான் வடிக்கேன். எம்பிள்ளைய எல்லாம் இந்த அடுக்களையிலதான் வளந்துச்சு" என்றார் அத்தை. மறுக்க முடியாது. ஆனால் அன்று இந்த வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆச்சியும் இரண்டு சித்திகளும் இருந்தார்கள். இன்று நானும் அத்தையும்தான். அதோடு கஞ்சி, வெந்நீர் மாதிரி வழிந்து ஓடிவிடாது. பசை மாதிரித் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

ஜூன் 4

தையல் டேப்பை எடுத்து அவனை அளந்தேன். உயரம் 31 அங்குலம். சுவரில் ஒரு பிஸ்கட்டைக் காட்டி, நுனிக்காலில் எம்ப வைத்தபோது விரல் தொட்டது 36 அங்குலத்தில். எங்கள் அடுப்பு மேடை 32. அதாவது மேடையின் விளிம்பு எனக்குத்தான் "மேலே". அவனுக்கு அது கை எட்டும் அலமாரி. மேலே என்ன இருக்கிறது என்று அவன் கண்ணுக்குத் தெரியாது, அதனால் தடவித்தான் பார்ப்பான்.

அந்தக் கணக்கோடு அடுக்களையை ஒரு சுற்றுப் பார்த்தேன். தோசைக்கல்லின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சாரல் காலம் என்று எல்லாரும் வெந்நீர் குடிப்பதால் கெட்டில் நாள் முழுக்க மேடையில்தான். அதன் வயர் முன்பக்கமாக ஒரு முழம் தொங்குகிறது. கெட்டிலை அவன் எட்டவே வேண்டாம், வயரைப் பிடித்து இழுத்தால் போதும், ஒன்றரை லிட்டர் கொதிநீர் தலையில் இறங்கும். 70 டிகிரி நீர் ஒரு விநாடி பட்டாலே தோல் ஆழமாக வெந்துவிடும். கெட்டிலில் இருப்பது 100.

கெட்டிலைச் சாப்பாட்டு மேசைக்கு, சுவர் ஓரமாக மாற்றினேன். வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாயிற்று. தோசைக்கல்லும் வாணலியும் இனிப் பின் அடுப்பில், பிடி சுவரைப் பார்த்து.

ஜூன் 9

அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் சிவப்பு டேப் ஒட்டி, "இதைத் தாண்டக் கூடாது" என்று நான்கு நாள் சொல்லிப் பார்த்தேன். அவன் டேப்பைப் பிய்த்துத் தின்னப் பார்த்தான். கோடு பெரியவர்களுக்குத்தான் உதவுகிறது, "கோட்டுக்குள்ள பிள்ளைய விடாதீங்க" என்று சொல்ல.

எங்கள் அடுக்களைக்குக் கதவு கிடையாது, வெறும் வளைவுதான். ஆசாரியண்ணனை வரச்சொல்லி ஓர் அரைக்கதவு போடச் சொன்னேன். அவர் பிளைவுட்டில் அடைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், நெட்டுக்குத்தான கம்பிச் சட்டம் வேண்டும் என்றேன். குறுக்குக் கட்டை இருந்தால் ஏணியாக்கி ஏறிவிடுவான், பலகையாக இருந்தால் என்னைக் காணாமல் அழுவான், எனக்கும் அவன் என்ன செய்கிறான் என்று தெரியாது. சட்டங்களுக்கு நடுவே இரண்டரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம், தலை நுழையக் கூடாது. கொண்டி அடுக்களைப் பக்கம்.

வடிப்பதற்கும் ஒரு வழி பிறந்தது. பானையைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் சாய்த்து வைத்தால் கஞ்சிச் சட்டியும் உள்ளேயே நிற்கிறது. ஆனால் அரைப்படி அரிசிப் பானையை மேடை உயரத்துக்குத் தூக்க அத்தையின் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு வேலை இப்போது என்னுடையது.

ஜூன் 13

கதவு மாட்டியாயிற்று. முதல் இரண்டு நாள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி. நான் மனம் இளகி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன். இதுதான் பெரிய தப்பு. இடுப்பில் இருக்கும் பிள்ளையின் முகம் எங்கே இருக்கிறது என்று யோசித்தால், குக்கர் விசில் சீறுகிற உயரத்துக்குப் பக்கத்தில்தான்.

இன்று பருப்பு நுரைத்து ஆவித்துளையில் ஏறிவிட்டது. விசில் வரவில்லை, மூடியின் ஓரத்தில் பிடிப்பக்கமாக ஆவி பக்கவாட்டில் பீச்சியது. நல்ல வேளை, அவன் கதவுக்கு அந்தப் பக்கம். பாதிக்கு மேல் பருப்புத் தண்ணீர் வைத்ததுதான் காரணம், கேஸ்கட்டும் இறுகிப்போயிருந்தது. கேஸ்கட் மாற்றினேன். மூடுவதற்கு முன் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன், மறுபக்கம் தெரிந்தால்தான் அடுப்பில் ஏறும்.

அவசரத்துக்குக் கரண்டியால் விசிலைத் தூக்குகிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன். உள்ளே சுமார் 120 டிகிரி. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே இருப்பது பொங்கித் துளை வழியே தெறிக்கும். தானாக அடங்கட்டும். அடங்கினால் மூடி வலிக்காமல் திறக்கும், வம்பு பண்ணினால் இன்னும் அடங்கவில்லை.

ஜூன் 22

கதவு அடுக்களைக்குத்தானே? கூடத்துக்கு இல்லையே.

பிற்பகல் மூன்று மணிக்கு அம்பாசமுத்திரத்து மாமா வந்திருந்தார். டீ கொடுத்தேன். பேச்சு சுவாரசியத்தில் அவர் தம்ளரைப் பாயில் கீழே வைத்தார். போட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், நாங்கள் குடிக்கிற சூட்டுக்கு வந்துவிட்டது. அவன் வந்து காலால் தட்டிவிட்டான். வலது பாதம் முழுக்க டீ.

அத்தை "மாவு கொண்டா, தோசமாவு" என்று ஓடினார். "வேண்டாம் அத்தை, தண்ணிதான்" என்று குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியில் நாள் முழுக்க வெயில் குடித்த தண்ணீர், வெந்நீராகக் கொட்டுகிறது! திருநெல்வேலிக் கோடையின் மிச்சம். உள்ளே குடத்தில் இருந்த தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். முதலில் தண்டையைக் கழற்றினேன், வீங்கிவிட்டால் கழற்ற வராது. மேலே துண்டைப் போர்த்தி மாமா அவனைப் பிடித்துக்கொண்டார், குளிர் ஏறக் கூடாது என்று. ஐஸ் வைக்கவில்லை. 20 நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து ஊற்றியதில் இரண்டு குடம் காலி.

சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. பாதம், கை, முகம் என்றால் சின்னதாக இருந்தாலும் காட்டிவிட வேண்டும் என்பதால் மருத்துவரிடம் போனோம். ராத்திரியில் கொப்புளம் கிளம்பினால் உடைக்காமல் கொண்டுவரச் சொன்னார்.

ஜூன் 23

கொப்புளம் இல்லை. அத்தை காலையிலேயே சிறு பானையில் தண்ணீர் பிடித்துக் கூடத்து மூலையில் வைத்து மூடியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 7

பிளாஸ்டிக் முக்காலியைத் தள்ளக் கற்றுக்கொண்டான். கர்ர்ர் என்று இழுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையை ஒட்டி நிறுத்தி, மேலே ஏறி நின்றான். எட்டு அங்குலம் கூடிவிட்டது. கை கெட்டிலின் மூடி வரைக்கும் போகிறது.

கெட்டில் திரும்பவும் அடுக்களைக்குள், கதவுக்கு உள்ளே போய்விட்டது. முக்காலி மாடிப்படிக்குக் கீழே. "இனி நான் எதுல ஒக்காந்து முருங்கக்கீர ஆய?" என்று அத்தை கேட்கிறார். நாளைக்கு ஒரு மணை வாங்க வேண்டும், கனமானதாக, அவனால் இழுக்க முடியாததாக.