பட்டறையை உள்ளபடி காட்ட ஒரு வீடியோ எழுதிய அனுபவம்

கோவை குறிச்சி சிட்கோ பக்கம் எங்கள் பட்டறை. மூன்று சிஎன்சி லேத், இரண்டு விஎம்சி, மொத்தம் முப்பத்து நாலு பேர். பம்புக்கும் வால்வுக்கும் உதிரி பாகங்கள் செய்து கொடுக்கிறோம். புரொடக்‌ஷன் என் பொறுப்பு. ஆள் எடுப்பதும் என் தலையில்தான்.

போன வருடம் நாலு மெக்கானிக்கல் பட்டதாரிகளைச் சேர்த்தோம். இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். போனவர்களில் ஒரு தம்பியை டீக்கடையில் பார்த்துக் கேட்டேன். "நீங்க பொய் சொல்லலைங்க சார். ஆனா இன்டர்வியூல டிசைன், புரோகிராமிங்னு பேசினீங்க. நான் வந்ததும் கையில போர் கேஜைக் கொடுத்து துளை அளக்கச் சொன்னீங்க" என்றான். அவன் சொன்னது சரிதான். அடுத்து ஆள் எடுக்கும் முன் வேலையைக் காட்டும் ஒரு வீடியோ வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் 410 வார்த்தை. ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்தேன், நாலரை நிமிடம் ஓடியது. நீளத்தைக் கூடக் குறைத்துவிடலாம். ஆனால் அதில் இருந்த எந்த வரியும் எங்கள் பட்டறைக்கு மட்டும் பொருந்துகிற வரி இல்லை. "நவீன இயந்திரங்கள், கற்றுக்கொள்ள நிறைய வாய்ப்பு" என்று பக்கத்து ஷெட்காரரும் சொல்லலாம். அதை அப்படியே ஓரமாக வைத்தேன்.

அந்த நாலு பேரில் நின்றது ஒரு பெண். இப்போது குவாலிட்டியில் இருக்கிறார். அவரிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு அரை மணிக்கு ஒரு தடவை என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒரே வரி எழுதச் சொன்னேன். அந்த நோட்டுதான் பிறகு ஸ்கிரிப்ட் ஆனது. செவ்வாய்க்கிழமைப் பக்கம் இப்படி இருந்தது: எட்டரைக்கு ரிங் கேஜில் வைத்து போர் கேஜுக்கு ஜீரோ செட் செய்தது. ஒன்பதுக்கு முதல் பீஸ் செக்கிங். ஒன்பதரைக்கும் பத்துக்கும் "மெஷின் செட்டிங் முடியக் காத்திருந்தேன்". அதற்கப்புறம் பிசிறு எடுத்தது, ரிப்போர்ட் எழுதியது, மறுபடி செக்கிங். அந்த வாரம் முழுக்க அவர் டிசைன் சாஃப்ட்வேரான சாலிட்வொர்க்ஸைத் திறந்தது ஒரே நாள்தான், அதுவும் நாற்பது நிமிடம். இன்டர்வியூவில் நான் அதிகம் பேசியது அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் என்ன தெரிகிறது, வலது பக்கம் என்ன கேட்கிறது என்று எழுதினேன். இடது பக்கத்தில் நோட்டில் இருந்த காரியங்கள் மட்டும்தான். காத்திருந்த அரை மணியையும் விடவில்லை. யாருக்கும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை எங்கள் ஆட்கள் சொன்னால் ஒப்பிப்பது போலவே இருக்கும். கேள்வி கேட்டுப் பதிவு செய்து, அந்தப் பதிலில் இருந்து வரிகளை எடுத்தேன். "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்குங்க" என்பதோடு நின்றுவிடும். "நேத்து எப்ப எரிச்சல் வந்துச்சு?" என்று கேட்டால்தான் பேச்சு வந்தது.

அப்படி வந்ததுதான் ஒன்பது பீஸ் கதை. 25 மில்லிமீட்டர் துளை, போர் என்போம், எச்7 டாலரன்ஸ். அதாவது 25.000க்கும் 25.021க்கும் நடுவில் இருக்க வேண்டும். இருபத்தொரு மைக்ரான் என்பது ஒரு தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெட்டும் முனையான இன்சர்ட் தேயத் தேய போர் சின்னதாகிக்கொண்டே வரும். அதைச் சரிக்கட்ட ஆபரேட்டர் மெஷினில் டூல் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் இருபது மைக்ரான் கூட்டி வைத்திருந்தார். பிறகு புது இன்சர்ட் மாட்டியபோது அந்த இருபதை எடுக்க மறந்துவிட்டார். போர் 25.030 ஆகிவிட்டது. சின்னதாக இருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம், பெரிதாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பத்துக்கு ஒன்று அளப்பது வழக்கம், அடுத்ததை அளந்தபோது அதையும் சேர்த்து ஒன்பது போயிருந்தது. இன்சர்ட் மாற்றினால் உடனே முதல் பீஸை அளக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அன்றைக்கு இன்னொரு மெஷினில் இருந்ததால் விட்டுப்போயிற்று. "அன்னைக்கு வீட்டுக்குப் போய் சாப்பிடவே இல்லை" என்றார்.

இந்தக் காட்சியைப் படித்ததும் முதலாளி ஸ்கிரிப்டைக் கீழே வைத்துவிட்டார். "கஸ்டமர் பார்த்தா என்னங்க நினைப்பாங்க?" நியாயமான கவலைதான். இரண்டு நாள் பேசினோம். கடைசியில் பாகத்தையும் டிராயிங்கையும் காட்டாமல், சிவப்பு ரிஜெக்‌ஷன் பெட்டியையும் கேஜ் முள்ளையும் அந்தப் பெண்ணின் கையையும் மட்டும் காட்டுவது என்று ஆனது. கஸ்டமரின் டிராயிங்கை எப்படியும் வெளியே காட்டக் கூடாது, அதனால் அது நல்லதாகவே முடிந்தது. அந்த இடத்தின் ஸ்கிரிப்ட் இது:

காட்சி: சிவப்புப் பெட்டி. ஒவ்வொன்றாக ஒன்பது பீஸ் விழுகிறது.
ஒலி: விழும் சத்தம் மட்டும்.
காட்சி: கேஜ் முள், அருகில்.
ஒலி: "ஒன்பது பீஸ் போச்சு. அடுத்த நாள் சார் என்னைத் திட்டலை. இன்சர்ட் மாத்தினா மெஷின் நிக்கணும், நான் அளந்து கையெழுத்துப் போட்டாதான் திரும்ப ஓடணும்னு ஒரு சீட்டு அடிச்சு மெஷின்ல ஒட்டினார்."

சீட்டு இன்றும் அங்கே இருக்கிறது, அதையும் எடுத்தோம். ஆனால் "திட்டலை" என்ற வார்த்தையை வைக்கும் முன் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. எல்லா நாளும் திட்டாமல் இருப்போமா? இல்லை. அதனால் அவரிடமே கேட்டேன். "அன்னைக்குத் திட்டலை. டெலிவரி லேட்டான அன்னைக்குத் திட்டினீங்க. ரெண்டையும் சொல்லிடறேன்" என்றார். இரண்டும் வீடியோவில் இருக்கிறது.

சம்பளத்தைச் சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆரம்பச் சம்பளத்தைத் திரையில் போட்டால் ஏற்கனவே இருப்பவர்களும் பார்ப்பார்கள். கணக்கு எடுத்துப் பார்த்தபோது, மூன்று வருடமாக இருக்கும் இரண்டு ஆபரேட்டர்களின் சம்பளம் புதிதாக வருபவருக்குச் சொல்ல இருந்த தொகையை ஒட்டியே இருந்தது. முதலில் அவர்களுக்கு ஏற்றிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்துத்தான் வீடியோவை வெளியிட்டோம். அந்த வரிசை மாறியிருந்தால் இரண்டு நல்ல ஆட்களை இழந்திருப்போம்.

படம் எடுத்தது என் போனில்தான். முதல் நாள் எடுத்ததில் ஷெட் விளக்குகள் பட்டை பட்டையாக மினுங்கின. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்ததும் நின்றுவிட்டது. குரலை ஷிஃப்ட் முடிந்தபின் இன்ஸ்பெக்‌ஷன் அறையில், ஏசியை அணைத்துவிட்டுப் பதிவு செய்தோம். கடைசியில் பேச்சு 190 வார்த்தைதான், வீடியோ 2 நிமிடம் 50 நொடி. மீதி நேரம் மெஷின் சத்தத்தை அப்படியே விட்டோம். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில்தானே நிற்கப்போகிறார்கள்.

முன்பு அறுபது விண்ணப்பம் வந்த இடத்தில் இந்த முறை இருபத்திரண்டுதான் வந்தது. முதலாளி முகம் வாடியது, எனக்கும் பயம்தான். ஒன்பது பேர் நேரில் வந்து பார்த்தார்கள், மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் நாலாவது மாதம் அரசுத் தேர்வுக்காகப் போனார். அதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். மற்ற இருவரும் இருக்கிறார்கள், இப்போது எட்டாவது மாதம்.

சம்பளத்தைக் குரலில் சொல்லாமல் எழுத்தாக மட்டும் போட்டது உதவியாக இருந்தது. இந்த ஏப்ரலில் தொகை மாறியபோது அந்த ஐந்து நொடியை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. காத்திருக்கும் காட்சியை மட்டும் திரும்ப எடுக்க வேண்டும். செட்டிங் நேரத்தைக் குறைத்துவிட்டோம், இப்போது அரை மணி ஆவதில்லை. அந்தப் பெண்ணிடம் மறுபடி நோட்டைக் கொடுத்திருக்கிறேன்.