சுருக்கத்தை எடுத்தால் மட்டும் இளமை வராது

ஸ்டுடியோவில் ரீடச்சிங் பார்க்கிறவர்களிடம் அடிக்கடி வரும் வேலை இது: வயதான அம்மாவின் படத்தைக் கொடுத்து, இளவயதில் எப்படி இருந்திருப்பாரோ அப்படி ஆக்கித் தரச் சொல்வார்கள். அந்தத் தலைமுறையில் பல பெண்களுக்குக் கல்யாணப் படம்கூடக் கிடையாது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “தம்பி, எங்கம்மாவ முப்பது வயசுல பாக்கணும். ஆனா பாத்தா எங்கம்மாவாத்தான் இருக்கணும்.” இந்த வேலையின் முழுச் சிக்கலும் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது.

பேரன் செல்போனில் எடுத்த படங்கள் நிறைய வைத்திருந்தார். எல்லாம் முகத்துக்கு வெகு பக்கத்தில் எடுத்தவை. அப்படி எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஒதுங்கும், கன்ன எலும்பின் அகலம் குறைந்து தெரியும். அதை வைத்து வேலை செய்தால் தொடக்கத்திலேயே வேறொருவருடைய எலும்பு அமைப்பு வந்துவிடும். ஆகவே ஒரு காதுகுத்து விழாவில் சற்றுத் தள்ளி நின்று எடுத்திருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தேன். தெளிவு குறைவு, ஆனால் முகத்தின் அளவு சரியாக இருந்தது.

முதலில் மாறக்கூடாதவற்றைக் குறித்துக்கொண்டேன். இரு கருவிழிகளுக்கு நடுவிலுள்ள தூரம், கண்ணின் உள்முனைகள், மூக்குத்தண்டு தொடங்கும் இடம், கன்ன எலும்பு புடைக்கும் இடம். இவற்றைத் தொடாமல், சதை இறங்கியதை மட்டும் ஏற்ற வேண்டும். வயதாகும்போது கன்னச் சதை கீழே சரிகிறது, நெற்றிப்பொட்டு குழிகிறது, மூக்கு நுனி தாழ்கிறது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள தூரம் நீள்கிறது. தோல் சுருக்கம் இவற்றோடு சேர்ந்த ஒன்று, அவ்வளவுதான். சுருக்கத்தை மட்டும் ஃபோட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ்ஷால் துடைத்துவிட்டால் மெழுகு பூசிய கிழவி முகம்தான் கிடைக்கும். சந்தையில் இப்படிப்பட்ட படங்களே அதிகம்.

எலும்பைத் தொடக்கூடாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது தாடை. பல் விழுந்துவிட்டால் பல்லைத் தாங்கிய எலும்பும் கரைகிறது. வாய் உள்ளே போய், தாடை மூக்கை நோக்கி மேலேறிவிடும். இந்த அம்மாவுக்குப் பல் அநேகமாக எதுவும் இல்லை. புருவத்திலிருந்து மூக்கடி வரை ஒரு பங்கு, மூக்கடியிலிருந்து தாடை வரை ஏறக்குறைய அதே அளவு என்பது ஓவியர்களின் பழைய கணக்கு. இவருக்குக் கீழ்ப்பங்கு கண்ணுக்குத் தெரியும் அளவு குட்டையாக இருந்தது. உருவத்தை இழுத்து நகர்த்தும் லிக்விஃபை கருவியில் தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, உதட்டை வெளியே கொண்டுவந்தேன். எங்கே நிறுத்துவது? பல்லோடு இருந்த சித்தியின் படத்தை அக்கா அனுப்பியிருந்தார். அதில் வாய்ப்பகுதி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். கண்ணையும் மூக்கையும் அதிலிருந்து எடுத்தால் அது சித்தியின் படமாகிவிடும்.

காது மடல் தோள் பக்கம் தொங்கியது. வயதானால் மடல் நீளும் என்பதால் அதைக் குறைக்கத் தோன்றும். ஆனால் தென்மாவட்டங்களில் அந்தக் காலத்தில் தண்டட்டி, பாம்படம் போடுவதற்காகச் சின்ன வயதிலேயே காது வளர்ப்பார்கள். கேட்டதில் அக்கா, “அது பிள்ளையிலயே வளத்த காது தம்பி” என்றார். அப்படியே விட்டுவிட்டேன். நிறத்தையும் வெளுக்கவில்லை. வீட்டில் யாராவது கேட்பார்கள்தான். அந்த முகத்தின் நிறமும் அவருடையது.

அதிக நேரம் பிடித்தது சிரிப்பு. அவருக்கு இடப்பக்க உதடு சற்று மேலே ஏறும், அப்போது அந்தப் பக்கக் கண்ணும் கொஞ்சம் இடுங்கும். இரண்டு கன்னத்தையும் ஒரே அளவில் ஏற்றினால் அந்தக் கோணல் போய்விடும், சாயலும் கூடவே போய்விடும். அதனால் இடப்பக்கத்தைத் தனி லேயரில் வைத்துச் செய்தேன். கண்ணோரக் கோடுகளில் சிரிக்கும்போது விழுகிறவை இளவயதிலும் இருப்பவை. அவற்றை மங்கலாக்கினேனே தவிர எடுக்கவில்லை. கருவிழியைச் சுற்றி முதுமையில் வரும் வெளிர் வளையத்தை மட்டும் முழுவதுமாக நீக்கினேன்.

முடித்ததும் புதுப் படத்தைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கி, பழைய படத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன். கண்முனைகளும் மூக்குத்தண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். அங்கே இரட்டைக் கோடு தெரிந்தால் எலும்பு நகர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கி வீட்டில் வேறொருவரிடம் காட்டச் சொல்வேன். அந்த அளவில் தோல் தெரியாது, முகத்தின் அமைப்புதான் தெரியும். யார் என்று கேட்காமலே அடையாளம் சொன்னால் சரி. அக்காவின் மாமா பார்த்த உடனே பெயரைச் சொல்லியிருக்கிறார். புருவம் மட்டும் இன்னும் அடர்த்தி என்றாராம், அதைத் திருத்தினேன்.

புருவ அடர்த்தி, முன்நெற்றி முடி, அந்த வயதின் சதைப்பற்று இவையெல்லாம் முதிய முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதவை. பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டுப் போடுவதுதான். அதனால் ஃப்ரேமின் பின்னால், ‘பிற்காலப் படத்திலிருந்து உருவாக்கியது’ என்று எழுதித்தான் கொடுக்கிறேன். பேரப்பிள்ளைகள் அதை அந்தக் காலத்தில் எடுத்த போட்டோ என்று நினைத்துவிடக் கூடாது.